கார்டு கமிஷனைத் தனிக் கட்டணமாகக் காட்டுவதா, விலையில் அடக்குவதா, தள்ளுபடியாக மாற்றுவதா? இன்வாய்ஸிலும் வரியிலும் தெரியும் வேறுபாடுகள்

கார்டு வழியாகப் பணம் பெறும் விற்பனையாளருக்கு இன்வாய்ஸில் எழுதிய தொகை முழுவதும் வங்கிக் கணக்கில் வந்து சேர்வதில்லை. வங்கியோ பணம் பெற்றுத் தரும் சேவை நிறுவனமோ தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் வரவு வைக்கிறது. அந்தக் கமிஷனை யார் சுமப்பது என்ற கேள்விக்கு நடைமுறையில் மூன்று பதில்கள் உள்ளன. கார்டில் செலுத்துபவரிடம் மட்டும் கூடுதல் கட்டணமாக வசூலிக்கலாம்; எல்லோருக்கும் விலையைச் சற்று உயர்த்தி அதற்குள் அடக்கிவிடலாம்; அல்லது உயர்ந்த விலையையே அடிப்படை விலையாக வைத்து, கார்டு இல்லாமல் செலுத்துபவருக்குத் தள்ளுபடி தரலாம். இவற்றுள் எது என்பதைப் பெரும்பாலோர் வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரா என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் கூடுதல் கட்டணம் இன்வாய்ஸில் எந்த இடத்தில் நிற்கிறது, அதன் மேல் வரி எப்படி விழுகிறது என்பதைப் பார்த்த பிறகே இந்த முடிவை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று வழிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முதலில் தெளிவாக வேண்டியது, கூடுதல் கட்டணம் வரியின் பார்வையில் என்ன என்பது. "இது எங்கள் வருமானம் அல்ல, வங்கிக்குப் போகும் பணத்தை வாங்கிக் கொடுக்கிறோம், எனவே இதன் மேல் வரி கிடையாது" என்று பல விற்பனையாளர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். இந்த வாதம் நிற்பதில்லை. வங்கியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் விற்பனையாளர். கமிஷன் கொடுக்கக் கடமைப்பட்டவரும் அவரே. அந்தக் கமிஷனைப் பொறுத்தவரை வாடிக்கையாளருக்கும் விற்பனையாளரின் வங்கிக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆகவே வாடிக்கையாளர் கொடுக்கும் கூடுதல் தொகை, வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ அவர் கொடுக்கும் விலையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010-இல் ஒரு கைபேசி நிறுவனத்தின் வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. கணக்கிலிருந்து தானாகப் பற்று வைக்கும் முறையைத் தேர்ந்தெடுக்காமல் வேறு வழிகளில் பணம் செலுத்தியவர்களிடம் அந்த நிறுவனம் தனிக் கட்டணம் வசூலித்து, அது வரிவிலக்கு பெற்ற நிதிச் சேவை என்று வாதிட்டது. அது தனிச் சேவைக்கான விலையே அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2016-இல் சினிமா டிக்கெட் விற்பனையில் வசூலிக்கப்பட்ட கார்டு கையாளும் கட்டணம் பற்றிய வழக்கிலும் வரிவிலக்கு மறுக்கப்பட்டது. இந்தியாவின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் பிரிவு 15(2)(c), விற்பனையாளர் வழங்கலை ஒட்டி வசூலிக்கும் கமிஷன் உள்ளிட்ட இடைச்செலவுகளை வரிக்குரிய மதிப்போடு சேர்க்கச் சொல்கிறது. அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், வரிக்குரிய விற்பனையோடு சேர்ந்து வரும் கூடுதல் கட்டணத்தை விற்பனை விலையின் பகுதியாகவே பார்க்கும் மாநிலங்கள் பல. சட்டச் சொற்கள் வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கூடுதல் கட்டணம் தாய் விற்பனையின் வரித்தன்மையைப் பின்தொடர்கிறது. விற்றது 10% வரிக்குரியதானால் கூடுதல் கட்டணத்துக்கும் 10%. விற்றது வரிவிலக்குப் பெற்றதானால் அதற்கும் வரி இல்லை.

ஒரே இன்வாய்ஸில் இரண்டு வரி விகிதங்கள் இருந்தால், கூடுதல் கட்டணத்தை அந்தந்த மதிப்பின் விகிதத்தில் பிரித்து எழுத வேண்டும். மொத்த மதிப்பில் முக்கால் பங்கு வரிக்குரியதாகவும் கால் பங்கு வரியற்றதாகவும் இருந்தால், கூடுதல் கட்டணமும் அப்படியே மூன்றுக்கு ஒன்று என்று பிரியும்.

இனி ஒரே விற்பனையை மூன்று வழிகளிலும் எழுதிப் பார்ப்போம். வரிக்கு முந்தைய விலை 20,000, வரி 10%, கார்டு கமிஷன் 2%, கமிஷனின் மேல் தனி வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம். வங்கி கமிஷனைக் கணக்கிடுவது வரி உட்பட கார்டில் தேய்க்கப்படும் முழுத் தொகையின் மீது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். விற்பனையாளருக்கு வரியை வசூலித்துக் கொடுக்கும் வேலைக்கே கமிஷன் செலவாகிறது என்பது இதன் பொருள்.

அடிக்கடி கண்ணில் படும் தவறான இன்வாய்ஸ் இப்படி இருக்கும். விலை 20,000, வரி 2,000, அதற்குக் கீழே வரி இல்லாமல் "கார்டு கட்டணம் 2%: 400", மொத்தம் 22,400. பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும். வங்கி 22,400-க்கு 2%, அதாவது 448 பிடித்துக்கொண்டு 21,952 வரவு வைக்கிறது. பின்னர் தணிக்கையில் அந்த 400 வரி உட்பட்ட தொகையாகக் கருதப்படும்போது அதற்குள் 36.36 வரி அடங்கியிருக்கிறது என்றாகிறது. ஆக, செலுத்த வேண்டிய வரி 2,036.36, கையில் மிஞ்சுவது 19,915.64. கமிஷன் முழுவதையும் வசூலித்துவிட்டதாக நினைத்த விற்பனையாளர் இந்த ஒரு விற்பனையில் 84.36 இழந்திருக்கிறார். வாங்கியவர் வரிப்பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் அவருக்கும் இழப்புதான். விற்பனையாளர் அரசுக்குக் கட்டிய 36.36 இன்வாய்ஸில் வரியாகக் காட்டப்படாததால், அதை உள்ளீட்டு வரியாக அவரால் திரும்பப் பெற முடியாது.

சரியாக எழுத வேண்டுமானால் கூடுதல் கட்டணம் வரிக்கு மேலே வர வேண்டும். அதோடு அதன் அளவையும் கமிஷனுக்கான கமிஷனைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சூத்திரம் எளியது:

```
k = கமிஷன் விகிதம் × (1 + வரி விகிதம்)
கூடுதல் கட்டணம் = விலை × k ÷ (1 − k)
```

நம் எடுத்துக்காட்டில் k என்பது 0.022. எனவே கூடுதல் கட்டணம் 449.90. இன்வாய்ஸ் இவ்வாறு அமையும்:

```
விலை                          20,000.00
கார்டு கூடுதல் கட்டணம்            449.90
வரிக்குரிய மதிப்பு              20,449.90
வரி 10%                        2,044.99
மொத்தம்                       22,494.89
```

வங்கி 449.90 பிடித்துக்கொண்டு 22,044.99 வரவு வைக்கும். அதில் 2,044.99 அரசுக்குப் போக, 20,000 அப்படியே மிஞ்சும். கணக்கு சரியா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை. வங்கியில் வரவான தொகையிலிருந்து இன்வாய்ஸில் காட்டிய வரியைக் கழித்தால் அசல் விலை வர வேண்டும். வராவிட்டால் கூடுதல் கட்டணம் தவறான இடத்தில் நிற்கிறது, அல்லது தவறான அளவில் இருக்கிறது.

கணக்குப் புத்தகத்திலும் 449.90 விற்பனை வருவாயாகவும், வங்கி பிடித்த 449.90 செலவாகவும் தனித்தனியே பதிவாக வேண்டும். இரண்டும் சமம்தானே என்று ஒன்றையொன்று நேர்செய்து இரண்டையுமே பதியாமல் விடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அப்போது வரிக் கணக்கில் காட்டும் விற்பனைத் தொகையும் இன்வாய்ஸ்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இதை விளக்காமல் விட்டால் மேலே உள்ள சூத்திரமே சிலரைச் சிக்கலில் மாட்டிவிடும். சரியாகக் கணக்கிட்ட இன்வாய்ஸில் கார்டு வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுப்பது வரியோடு சேர்த்து 494.89. கார்டு இல்லாமல் செலுத்தியிருந்தால் ஆகும் 22,000-த்தில் இது ஏறத்தாழ 2.25%. ஆனால் வங்கி எடுப்பது 2% மட்டுமே. கூடுதல் கட்டணத்தை அனுமதிக்கும் இடங்களில், அது விற்பனையாளருக்கு உண்மையில் ஆகும் செலவைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாகவே இருக்கும். அத்தகைய இடத்தில் வாடிக்கையாளருக்குக் காட்டும் விகிதத்தை 2%-இல் நிறுத்தினால், வரி உட்பட 440 மட்டுமே வசூலிக்க முடியும். அதில் 40 வரி, 400 கூடுதல் கட்டணம். மொத்தம் 22,440, கமிஷன் 448.80. ஆக 48.80 விற்பனையாளர் தலையில்தான் விழும். ஏறக்குறைய கமிஷனில் 89% மட்டுமே திரும்பக் கிடைக்கிறது.

இந்த இழப்பு எல்லா இடத்திலும் வருவதில்லை. வங்கிக் கமிஷனின் மேல் வரி உண்டா என்பதைப் பொறுத்தது அது. கமிஷனுக்கும் அதே 10% வரி விதிக்கப்பட்டு, அந்த வரியை விற்பனையாளர் உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடிந்தால், வரி உட்பட அவருடைய செலவே 2.2% ஆகிவிடுகிறது. 494.89 என்பது 22,494.89-இல் சரியாக அதே 2.2%. எனவே வரி உட்பட ஒப்பிட்டால் இரு பக்கமும் சமமாகி, வரம்பும் மீறப்படுவதில்லை. கமிஷன் வரிவிலக்குப் பெற்ற நிதிச் சேவையாகக் கருதப்படும் இடங்களில்தான் விற்பனையாளர் நடுவில் மாட்டிக்கொள்கிறார்: வாங்கும் கூடுதல் கட்டணத்துக்கு வரி கட்ட வேண்டும், கொடுக்கும் கமிஷனிலிருந்து திரும்பப் பெற எதுவும் இல்லை. ஆகவே கூடுதல் கட்டண விகிதத்தைத் தீர்மானிக்கும் முன் வங்கி மாதந்தோறும் அனுப்பும் கமிஷன் அறிக்கையில் வரி என்ற பத்தி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

சட்ட அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல இடங்களில் அதுவே இந்த வழியை அடைத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 2018 ஜனவரி 13 முதல் நுகர்வோரின் சாதாரண கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வசூலிக்கத் தடை உள்ளது. நிறுவனங்களுக்கான வணிகக் கார்டுகளுக்கு அந்தத் தடை எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. இந்தியாவில் டெபிட் கார்டு கமிஷனை வாடிக்கையாளர் மேல் ஏற்றக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. அமெரிக்காவில் விசா நிறுவனம் கிரெடிட் கார்டுகளுக்கான உச்ச வரம்பை 2023-இல் 3% ஆகக் குறைத்தது. டெபிட் கார்டுக்கு அங்கே கூடுதல் கட்டணமே கூடாது. கனடாவில் 2022 அக்டோபர் முதல் 2.4% வரை அனுமதி உண்டு, கியூபெக் மாகாணம் நீங்கலாக. டெபிட், கிரெடிட், வணிகக் கார்டு என்று பிரித்தறிந்து கட்டணம் போட உங்கள் பில்லிங் மென்பொருளுக்குத் தெரியாவிட்டால், சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் கூடுதல் கட்டணத்தைப் பாதுகாப்பாகச் செயல்படுத்த முடியாது.

இரண்டாவது வழியான விலையில் அடக்குதலுக்கு வருவோம். விற்பனை மதிப்பில் பாதி கார்டில் வருகிறது என்றால், சராசரிச் செலவு வரிக்கு முந்தைய விலையில் 1.1%. விலையை 20,222.45 ஆக உயர்த்தினால் போதும். வரி 2,022.25, மொத்தம் 22,244.70. இன்வாய்ஸில் புதிய உருப்படி எதுவும் இல்லை, வரம்பு மீறல் என்ற பேச்சுக்கு இடமில்லை, விகிதம் பிரிக்கும் வேலையும் இல்லை. கார்டில் வருபவரிடம் 444.89 கமிஷன் போகும், மற்றவரிடம் எதுவும் போகாது, சராசரியில் 222.45 ஈடாகிவிடும். இதன் பலவீனம் அந்தப் "பாதி" என்ற அனுமானத்தில் இருக்கிறது. கார்டில் செலுத்துவோர் பங்கு எழுபது, எண்பது விழுக்காடாக உயர்ந்தால் விலை மீண்டும் போதாமல் போகும். யாரும் கவனிக்காமலே லாபம் கரையும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தவர் கார்டு விற்பனையின் பங்கை மதிப்பின் அடிப்படையில் காலாண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பரிவர்த்தனை எண்ணிக்கையை வைத்துப் பார்ப்பது ஏமாற்றும், ஏனெனில் கமிஷன் தொகையைப் பொறுத்தே பெரிதாகிறது.

மூன்றாவது வழியில் அறிவிக்கப்பட்ட விலை 20,449.90. வங்கி மாற்று மூலம் செலுத்துபவருக்கு 449.90 தள்ளுபடி. கார்டு வாடிக்கையாளரின் மொத்தம் முதல் வழியில் வந்த அதே 22,494.89, மற்றவரின் மொத்தம் அதே 22,000. எண்கள் ஒன்றே என்றாலும் இன்வாய்ஸும் சட்டமும் இதை வேறாகப் பார்க்கின்றன. கூடுதல் கட்டணத்துக்குத் தடை உள்ள ஐரோப்பிய ஒன்றியத்திலும் தள்ளுபடி தர அனுமதி இருக்கிறது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம் பணம் செலுத்தும் முறையை வைத்துத் தள்ளுபடி தரும் உரிமையைப் பாதுகாக்கிறது. விற்பனை நேரத்திலேயே தள்ளுபடி தெரிந்து இன்வாய்ஸில் காட்டப்பட்டால், குறைந்த மதிப்பின் மேல் மட்டும் வரி விதிப்பது பொதுவான நடைமுறை. ஆனால் ஒன்றில் நேர்மை தேவை. பலகையிலும் வலைத்தளத்திலும் காட்டுவது 20,449.90 ஆக இருந்தால்தான் அது தள்ளுபடி. காட்டுவது 20,000, பணம் கட்டும் இடத்தில் மட்டும் 449.90 ஏறுகிறது என்றால், ரசீதில் என்ன பெயர் வைத்தாலும் அது கூடுதல் கட்டணமே. கார்டு நிறுவனங்களும் அப்படித்தான் நடத்தும்.

என் பார்வையில் இந்த மூன்றையும் கடைசியில் பிரித்துக் காட்டுவது, இன்வாய்ஸ் எழுதும் நேரத்தில் வாடிக்கையாளர் எப்படிச் செலுத்துவார் என்பது தெரியுமா என்ற கேள்வி. பணம் கட்டிய பிறகே ரசீது வரும் சில்லறை விற்பனையில் இது தெரிந்துவிடுகிறது. நிறுவனங்களுக்கு இடையிலான விற்பனையில் இன்வாய்ஸ் இன்று போகும். பணம் முப்பது நாள் கழித்து வரும். 22,000-க்கு இன்வாய்ஸ் அனுப்பிய பிறகு வாடிக்கையாளர் கட்டண இணைப்பில் கார்டைத் தேர்ந்தெடுத்தால், அந்த இணைப்பு தானாக 494.89 சேர்த்து வசூலிக்கும். ஆனால் அந்தத் தொகைக்கு இன்வாய்ஸ் கிடையாது. அதற்கென 449.90 மதிப்பும் 44.99 வரியும் காட்டும் துணை இன்வாய்ஸோ டெபிட் நோட்டோ அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் கணக்காளர் அதைப் பதிய மாட்டார். விற்பனையாளரின் கணக்கிலோ வரவான தொகை இன்வாய்ஸைவிட அதிகமாக நின்று, கடைசியில் யாரோ ஒருவர் அதை "இதர வருமானம்" என்று வரி இல்லாமல் பதிந்துவிடுவார். தணிக்கையில் முதலில் கிளறப்படுவது இந்தத் தலைப்புதான்.

தள்ளுபடி முறையில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. முழுத் தொகைக்கு இன்வாய்ஸ் போய்விட்டது, வாடிக்கையாளர் வங்கி மாற்றில் 22,000 அனுப்பிவிட்டார் என்றால், 449.90-க்கும் அதன் வரிக்கும் கிரெடிட் நோட் தர வேண்டும். எனக்கு இது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. கிரெடிட் நோட்டை மறந்தால் விற்பனையாளர் வரியை அதிகமாகக் கட்டியிருப்பார். டெபிட் நோட்டை மறந்தால் குறைவாகக் கட்டியிருப்பார். முதலாவது பிறகு திருத்தத்தக்கது, இரண்டாவதற்கு வட்டியும் அபராதமும் வரும். தள்ளுபடி நிபந்தனையை இன்வாய்ஸிலேயே எழுதி, இரண்டு மொத்தங்களையும் வரியோடு காட்டிவிட்டால் தனி ஆவணம் தேவைப்படாமலே போகும் வரிச்சட்டங்களும் உண்டு; உங்கள் சட்டம் அதை ஏற்கிறதா என்று கணக்காளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

பொருள் திரும்பி வரும்போது கூடுதல் கட்டணத்தின் இன்னொரு பக்கம் தெரியும். மேலே சொன்ன விற்பனையில் கால் பங்கு திரும்பினால், கிரெடிட் நோட் 5,000-க்கு மட்டும் அல்ல. கூடுதல் கட்டணத்தின் கால் பங்கான 112.47-உம் இரண்டுக்குமான வரி 511.25-உம் சேர்ந்து 5,623.72 ஆகும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளும் பகுதித் திருப்பத்தில் கூடுதல் கட்டணத்தை அதே விகிதத்தில் திருப்பித் தரச் சொல்கின்றன. சேவை நிறுவனங்களில் பல, எடுத்த கமிஷனைத் திருப்பித் தருவதில்லை. ஆக திரும்பி வரும் ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் மீண்டும் விற்பனையாளர் செலவாகிவிடுகிறது. சரக்குத் திரும்புவது வழக்கமான தொழிலில் கூடுதல் கட்டணத்தின் உண்மையான பலன் காகிதத்தில் தெரிவதைவிடக் குறைவு. விலையில் அடக்கும்போது மட்டுமே திரும்பி வரும் விற்பனைகளின் கமிஷனையும் சராசரியில் சேர்த்துக்கொள்ள முடிகிறது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, சிறு தொகைகளில் நுகர்வோருக்கு விற்பவர் விலையில் அடக்குவதே சரி என்பேன். வசூலாகும் சில காசுகளுக்காக ஒவ்வொரு ரசீதிலும் ஒரு வரிப் பிரச்சினையைச் சேர்க்க வேண்டியதில்லை. பெரிய தொகைகளில் நிறுவனங்களுக்கு விற்பவரின் நிலை வேறு. அவருடைய வாடிக்கையாளர்களில் சிலரே கார்டு பயன்படுத்துவார்கள். அந்தச் சிலருக்காக எல்லோரின் விலையையும் உயர்த்தினால் போட்டியில் பின்தங்குவார். அவருக்கு அறிவிக்கப்பட்ட விலையும் தள்ளுபடியும் என்ற முறையை முதலில் பரிந்துரைப்பேன். தனிக் கூடுதல் கட்டணத்தை, பணம் வரும் நேரத்தில் தானாக வரி இன்வாய்ஸ் உருவாக்கும் மென்பொருள் இருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவர் வரிப்பதிவு பெற்றவரானால் கூடுதல் கட்டணத்தின் மேலுள்ள வரி அவருக்குச் சுமையாகாது, 449.90 மட்டுமே அவருடைய உண்மைச் செலவு. பதிவு பெறாதவருக்கு 494.89 முழுவதும் செலவு. விலை பேசும்போது இந்த வேறுபாட்டை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்வது நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், மென்பொருளில் செய்ய வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. கார்டு கூடுதல் கட்டணம் பல பில்லிங் மென்பொருள்களில் ஒரு தனிச் சேவை உருப்படியாகச் சேர்க்கப்படுகிறது. அதன் வரிக் குறியீடு "வரி இல்லை" என்று விடப்பட்டிருந்தால், மேலே பார்த்த 22,400 இன்வாய்ஸ்தான் ஒவ்வொரு முறையும் வெளிவரும். குறியீட்டை நிலையான 10% என்று வைத்தாலும் வரியற்ற பொருள் விற்கும் நாளில் தவறாகும். விற்கப்படும் பொருள்களின் வரி விகிதத்தைப் பின்தொடரும்படி அமைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த உருப்படியை விகிதத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்து, இரண்டு விகிதங்கள் கலந்த ஒரு மாதிரி இன்வாய்ஸை அச்சிட்டு, வரிக்குரிய மதிப்பு எங்கே கூட்டப்படுகிறது என்பதைக் கணக்காளரோடு உட்கார்ந்து ஒருமுறை சரிபார்த்த பிறகே வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்குங்கள்.